டீச்சருக்கு நன்றி சொன்ன நாள்

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்பில் கணக்கு பார்க்கிறேன். போன வருஷம் ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு, எங்கள் செயலாளர் திடீரென்று விலகிவிட்டார். புதியவர் வருகிறவரை பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் கமிட்டி உறுப்பினராக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எங்களுக்கு அவர் டீச்சர். ஏழு மாதம் இருந்தார்.

அவர் பொறுப்பேற்ற அன்று பாங்க்கில் பணம் இருந்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. கையெழுத்துப் போடும் இருவரில் ஒருவரான பழைய செயலாளர் விலகிப் போயிருந்தார். கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு, நகலை பாங்க்கில் கொடுத்து, புதுக் கையெழுத்து ஏறுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் பாசிக்காசு வரவில்லை என்று பெண்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார்கள். டீச்சர் ஒரு நோட்டைத் திறந்து, யாருக்கு எத்தனை கிலோவுக்கு எவ்வளவு பாக்கி என்று அவர்களையே சொல்லச் சொல்லி எழுதி, எங்கள் கணக்கோடு ஒப்பிட்டு, எந்தத் தேதியில் காசு வரும் என்று சொன்னார். ஒரு அம்மா பாசி பறிக்கும்போது விரலில் சுற்றிக்கொள்ளும் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். அதை அவிழ்த்துவிட்டுத் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. சொன்ன தேதியில் காசு போய்ச் சேர்ந்தது.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் மூன்று விஷயம் எழுதி வைத்திருந்தார்: பழைய வண்டியை விற்பதா, களப்பணிக்குப் புது ஆள் எடுப்பதா, பாசி வாங்கும் வியாபாரியை மாற்றுவதா. மேலே ‘வருகிறவர் முடிவு’ என்று ஒரு வரி. வியாபாரியை மாற்றச் சொல்லி நாங்களே எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம், அவர் அசையவில்லை.

சரி, அவர் விடைபெறும் நேரம் வந்தது. நன்றி உரை எழுதும் வேலை எனக்கு வந்தது. மனசு நிறைய எழுதினேன். ‘மூழ்க இருந்த படகைக் கரை சேர்த்தீர்கள்’ என்று ஒரு வரி, ‘நீங்களே தொடர்ந்திருக்கக் கூடாதா’ என்று ஒரு வரி, ‘உங்களைப் போல இனி யார் வருவார்’ என்று ஒரு வரி. களப்பணியில் இருக்கும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “தம்பி, வர்றவர் முன்னாடி உட்கார்ந்திருந்தா இதைப் படிப்பியா?” என்றார். படிக்க மாட்டேன்தான். முதல் வரி போனவரைக் குத்துகிறது, மற்ற இரண்டும் இன்னும் நாற்காலியில் உட்காராத மனிதருக்கு மதிப்பெண் போட்டுவிடுகின்றன. டீச்சரும் அதைக் கேட்டால் சங்கடப்பட்டிருப்பார், ஏனென்றால் ஏழு மாதமும் அந்த நாற்காலியை வேறொருவருக்காகத்தான் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

திரும்ப எழுதினேன். ஒப்பிடுகிற வார்த்தை எல்லாம் போய், அவர் செய்தது மட்டும் தேதியோடு நின்றது: பாக்கி தீர்ந்த நாள், சம்பளம் தள்ளிப்போகாத மாதங்கள், தொடாமல் விட்டுவைத்த மூன்று முடிவுகள். அந்த மூன்றுக்குத்தான் அதிகம் நன்றி சொன்னேன். ஒருவர் செய்யாமல் விட்டதற்கு மேடையில் நன்றி சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் இடைக்காலப் பொறுப்பில் இருப்பவரிடம் கிடைக்கிற பெரிய உதவி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விடைபெறும் விழாவுக்கான நாளையும் யோசித்துத்தான் வைத்தோம். புதியவரின் வரவேற்போடு சேர்த்துவிடலாம், ஒரே செலவு என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்திருந்தால் கூட்டம் முழுக்க டீச்சரைப் பார்த்து அழ, புதியவர் ஓரமாக மாலையோடு நின்றிருப்பார். இங்கே பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அவர்கள் கரையில் இருக்கும் ஒரு வியாழக்கிழமை டீச்சருக்குச் சால்வை போட்டோம். அழுதோம்தான். புதியவர் அடுத்த திங்கள்கிழமை வந்து சேர்ந்தார்.

அப்புறமும் ஒரு மாதம் பெண்கள் டீச்சருக்கே போன் செய்துகொண்டிருந்தார்கள். “சார்கிட்ட கேளுங்கம்மா, அவர் பார்த்துக்குவார்” என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அவரை ஆலோசகராகப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, கேட்பதென்றால் புதியவரே கேட்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இரண்டாவது மாதம் புதியவர் வியாபாரியை மாற்றினார். அன்று சாயங்காலம் என்னிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் மூன்றாவது விஷயத்துக்கு நேரே தேதி போட்டார். பிறகு டீச்சர் வீட்டுக்கு வழி கேட்டார்.