காரை ஓடையில் கடைசித் துண்டு வரை

பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் நானும். கற்களையும் மண் அடுக்குகளையும் சேகரித்து வகைப்படுத்த வேண்டும் என்பது அவளுக்குப் பள்ளியில் கொடுத்த வேலை. சென்ற ஆண்டு நான் மட்டும் வந்து ஒரு பை நிறைய அள்ளிப் போயிருந்தேன். வீட்டில் கொட்டிப் பார்த்தால், எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று ஒன்றுக்கும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த முறை ஒரே ஓடை, ஒரே பொருள் என்று தீர்மானித்துக்கொண்டோம்.

பாடாலூர் பக்கம் கண்ணில் படுவதெல்லாம் கருங்கல். கிழக்கே காரை கிராமத்தை நெருங்கும்போது நிலமே வேறாகிவிடுகிறது. மழைநீர் அறுத்துப்போட்ட மொட்டை மேடுகள், மஞ்சளும் சாம்பலுமான களிமண். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடிச்சேறு அது. பக்கத்தில் உள்ள ஊட்டத்தூரின் பெயரைத்தான் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் வெளியான தம் ஆய்வில் இந்தப் பாறைத் தொகுதிக்குச் சூட்டினார்.

ஓடைக்குள் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் மகள் ஒன்றை எடுத்து நீட்டினாள். சுண்டுவிரல் நீளம், தேன் நிறம், துப்பாக்கி ரவை போல் ஒரு முனை கூர். பெலம்னைட். கணவாயைப் போன்ற ஒரு கடலுயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால், நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் கம்பிகள் போல இழைகள் விரிகின்றன. அவற்றைச் சுற்றி, மரத்தின் வளையங்களைப் போல மெல்லிய வட்டங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் அது பெலம்னைட்தான்.

கூடவே வெள்ளையாக மின்னும் தகடுகளும் எங்கும் கிடந்தன. "இதுவும் சிப்பிதானே அப்பா?" என்றாள். விரல் நகத்தால் கீறச் சொன்னேன். கோடு விழுந்தது. சிப்பியல்ல, ஜிப்சம் என்ற கனிமம். பெலம்னைட்டில் நகம் வழுக்கியது. இன்னும் உறுதிசெய்ய இரண்டையும் கழுவி, கத்தியால் கொஞ்சம் தூள் சுரண்டி, எலுமிச்சைச் சாறு விட்டோம். பெலம்னைட் தூள் நுரைத்தது. ஜிப்சம் சும்மா இருந்தது. கழுவாமல் செய்தால் ஏமாந்துபோவோம். ஒட்டியிருக்கும் மண்ணில் சுண்ணாம்பு இருந்தால், ஜிப்சமும் நுரைப்பதுபோல் தெரியும்.

ஓடைத் தரையில் கிடப்பது மேலே எங்கிருந்தோ உருண்டு வந்தது. அதன் சொந்த அடுக்கைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: தண்ணீர் வந்த திசையில் ஏறிக்கொண்டே போவது, துண்டுகள் எங்கே நின்றுபோகின்றன என்று பார்ப்பது. பத்துப் பத்து அடியாக எண்ணிக்கொண்டு ஏறினோம். முதலில் மூன்று, நான்கு. பிறகு ஒரு வளைவில் பதினொன்று. அதற்கு அடுத்த பத்தடியில் ஒன்றுகூட இல்லை. கடைசித் துண்டு கிடந்த இடத்துக்கு மேலே உள்ள கரையைத்தான் தோண்ட வேண்டும்.

கரையின் மேற்பரப்பை நம்பக் கூடாது. மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, பொரி போல உதிர்ந்து கிடக்கும் அந்த மண் மேலிருந்து சரிந்து வந்தது. களைக்கொத்தால் ஒரு முழ அகலத்துக்குச் சுரண்டி, ஈரம் தெரியும் புதிய முகத்தை வெளியே கொண்டுவந்தோம். அடியில் சாம்பல் களிமண். அதன் மேல் நான்கு விரல்கடை தடிமனில் துருநிறப் பட்டை. மறுபடியும் களிமண். அந்தப் பட்டைக்கு இரண்டு சாண் மேலே, களிமண்ணுக்குள் படுத்தவாக்கில் ஒரு பெலம்னைட் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. ஜிப்சம் இழைகளோ அடுக்குகளை மதிக்கவில்லை. துருப்பட்டையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலேறின. அடுக்கை வெட்டிக்கொண்டு போவது அடுக்குக்குப் பின்னால் வந்ததாகத்தானே இருக்க முடியும்? சேறு படிந்த பிறகு, விரிசல்களில் புகுந்த நீர் விட்டுப்போனது அது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து எட்டிப்பார்த்தார். "மழை பெய்த மறுநாள் வாருங்கள் தம்பி, நிறையக் கிடக்கும். ஆனால் கரையோரம் நிற்காதீர்கள், சறுக்கிவிடும்" என்றார்.

கரையில் இருந்த மூன்றையும் அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஒன்றை மட்டும் எடுத்தோம். பறிப்பதற்கு முன்பே மகள் சீட்டு எழுதினாள்: "கா 1. துருப்பட்டைக்கு 45 செ.மீ. மேலே. கிடைமட்டம்." தரையில் பொறுக்கியவற்றுக்குத் தனிப் பை, "ஓடைத் தரை" என்று.

வீட்டில் பெட்டிகளில் அடுக்கும்போது சென்ற ஆண்டுப் பையையும் அவிழ்த்தாள். அதில் ஒரு பெலம்னைட், இந்த முறை கிடைத்த எல்லாவற்றையும்விடப் பெரியது, முனைகூட உடையாதது. எந்தப் பெட்டி என்று கேட்டாள். புதிதாக ஒரு பெட்டி எடுத்து, "காரை, அடுக்கு தெரியாது" என்று எழுதச் சொன்னேன்.