கட்டைவிரல் அடியில் நுழையும் இடம்: சி மேஜரில் வந்த வலியும் பி மேஜரில் கிடைத்த வழியும்

பியானோ கற்கத் தொடங்கியபோது, ஐந்து விரலுக்குள் அடங்கும் சின்ன மெட்டுகள் வரைக்கும் கைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கட்டைவிரலை நடு சி-யில் வைத்தால் ஐந்து வெள்ளை கீகளுக்கு ஐந்து விரல்; கை நகரவே வேண்டாம். வலது கையில் சி மேஜர் ஸ்கேலை முழு ஆக்டேவுக்கு வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. எட்டு ஸ்வரத்துக்கு ஐந்து விரல் போதாது. அதனால் சி, டி, இ மூன்றையும் 1-2-3 என்று வாசித்ததும், கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து எஃப்-ஐப் பிடிக்க வேண்டும். மொத்தமாக 1-2-3-1-2-3-4-5. இரண்டு கையிலும் கட்டைவிரல்தான் 1, சுண்டுவிரல் 5.

கொஞ்ச நாளிலேயே மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, மந்தமான ஒரு வலி. வாசித்து முடித்த பிறகு பாட்டில் மூடியைத் திறக்கும்போது நன்றாகத் தெரிந்தது. இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரே ஒரு நுழைவைப் பற்றியது.

ஃபோனை கீபோர்டுக்கு மேலே ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். வாசிக்கும்போது கண் கீகளில் இருப்பதால் கையில் நடப்பது நமக்குத் தெரிவதில்லை. நடுவிரல் இ-யில் இறங்கும் வரை கட்டைவிரல் சி-யிலேயே நிற்கிறது. அப்புறம் திடீரென்று உள்ளே பாய்கிறது. அது எட்டாததால் முழங்கை வெளியே எகிறுகிறது. விரல்கள் மட்டும் நேராகவே பார்த்துக்கொண்டிருப்பதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்குகிறது. எஃப் வாசித்த உடனே முழங்கை பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஒலியைக் கண்ணை மூடிக் கேட்டாலும் தெரியும்: எஃப் மட்டும் மற்ற ஸ்வரங்களைவிடச் சத்தமாக விழுகிறது.

வலிக்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. கட்டைவிரலை விரித்து நிமிர்த்தும் தசைநாண்களில் இரண்டு, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் சேர்ந்து ஓடுகின்றன. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டையும் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் அவை இழுபட்டு உறையோடு உரசும். அந்த உறை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் கையை வைக்கச் சொல்லும் நிலையும் இதுதான். ஒரு ஆக்டேவுக்கு ஒரு தடவை என்று அந்த நிலைக்கே கையைக் கொண்டுபோனால் வலி வராமல் என்ன செய்யும்? பெரியவர்களாகத் தொடங்குபவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நோட்டேஷனும் விரல் எண்ணும் சீக்கிரம் புரிந்துவிடுவதால் ஒரே மாலையில் நூறு தடவை ஓட்டிவிடுகிறோம். தசைநாண் அந்த வேகத்தில் பழகாது. வலி ஓய்விலும் தொடர்ந்தாலோ, விரல் நுனி மரத்துப் போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

முதலில் திருத்தியது கையை அல்ல, உயரத்தை. பியானோவில் கீகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72 முதல் 74 செ.மீ. உயரத்தில் இருக்கும். எழுதும் மேசையே சுமார் 75 செ.மீ. இருக்கும்போது அதன் மேல் கீபோர்டை வைத்தால் கீகள் 80 செ.மீ.-ஐத் தாண்டிவிடும். அப்போது தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு தொங்கும். தொங்கிய மணிக்கட்டுக்குக் கீழே கட்டைவிரல் நுழைய இடமே இருக்காது. உயரத்தைக் குறைக்க முடிகிற ஸ்டாண்டுக்கு மாற்றி, முழங்கை கீகளின் மட்டத்திலோ ஒரு விரலளவு மேலேயோ வரும்படி உட்கார்ந்ததும் பாதி நெரிசல் போய்விட்டது.

அடுத்தது அழுத்தம். ஒரு கீயைக் கீழே கொண்டுபோக 50 கிராம் அளவு எடை போதும், அது இறங்கும் ஆழம் சுமார் 10 மி.மீ. அடிமட்டத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கீயின் பிடியிலிருந்து விடுபட்டுக் கம்பியை நோக்கிப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் ஒரு மாற்றமும் வராது. இதைக் கையால் உணர ஒரு சோதனை செய்தேன். நடுவிரலால் இ-யை வாசித்து, பிடித்துக்கொண்டே, கீ மேலே எழும்பப் பார்க்கும் வரை அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எவ்வளவு குறைக்க முடிந்தது என்பது எனக்கே ஆச்சரியம். நடுவிரல் கீயை இறுக்கிப் பிடித்திருந்தால் முன்கை முழுவதும் விறைத்துவிடும், கை பக்கவாட்டில் நகராது. நகராத கையை ஈடுகட்டத்தான் கட்டைவிரல் அவ்வளவு தூரம் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது.

இதன் பிறகு ஸ்கேலை ஸ்வரம் ஸ்வரமாக வாசிப்பதை நிறுத்தி, கொத்துக் கொத்தாக வாசித்தேன். சி-டி-இ மூன்றையும் 1-2-3 கொண்டு ஒரே நேரத்தில் அழுத்துவது. கையைத் தூக்கி, எஃப்-ஜி-ஏ-பி நான்கையும் 1-2-3-4 கொண்டு ஒரே நேரத்தில் அழுத்துவது. கேட்க நன்றாக இருக்காது. ஆனால் சி மேஜர் என்பது எட்டு அசைவு அல்ல, இரண்டே கைநிலைகள் என்று கை புரிந்துகொள்கிறது. இரண்டுக்கும் நடுவே நகர வேண்டியது முன்கை. கட்டைவிரல் அந்தப் பயணத்தில் கூடவே போகிறது, அவ்வளவுதான்.

கொத்துகளைப் பிரித்து மீண்டும் தனித்தனி ஸ்வரமாக்கும்போது கட்டைவிரலின் நேரம் மாறுகிறது. ஆள்காட்டிவிரல் டி-யில் இறங்கும்போதே கட்டைவிரல் சி-யை விட்டு நகரத் தொடங்கிவிடும். நடுவிரல் இ-யில் இருக்கும்போது அது ஏற்கெனவே பக்கத்தில் வந்திருக்கும். மிச்சமிருக்கும் இடைவெளியை முன்கை வலப்பக்கம் சறுக்கி நிரப்பிவிடும். கட்டைவிரல் எஃப்-ஐத் தொட வேண்டியது நகத்தின் ஓரத்து நுனியால். மூட்டு வரை கிடையாகப் படுத்துவிடக் கூடாது. பியானோ சொல்லித்தரும் தோழி ஒருவர் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, “கட்டைவிரலைப் பார்க்காதீங்க, முழங்கையைப் பாருங்க. அது ஒரே சீரா நகர்ந்தா கட்டைவிரல் சரியாத்தான் இருக்கும்” என்றார். இதுவரை கேட்டதிலேயே மிக உதவியான அறிவுரை இதுதான்.

அவரே சொன்ன இன்னொன்று: “சி மேஜரைக் கொஞ்ச நாள் விடுங்க, பி மேஜர் வாசிங்க.” ஐந்து ஷார்ப், அதாவது ஐந்து கருப்பு கீ உள்ள ஸ்கேலைத் தொடக்கக்காரருக்குச் சொல்கிறாரே என்று தோன்றியது. ஆனால் பியானோ இசையமைப்பாளர் ஷோபான் தன் மாணவர்களுக்கு இப்படித்தான் தொடங்கினார். அவர் முதலில் காட்டிய கைநிலை இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி. நீளமான மூன்று விரல்கள் உயரமான கருப்பு கீகளில், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளை கீகளில். கையை இதில் வைத்துப் பார்த்தால் எந்த விரலையும் வலிந்து வளைக்க வேண்டியதில்லை என்பது உடனே தெரிகிறது. சி மேஜரில் எல்லா கீயும் ஒரே மட்டம், ஒரே கோடு; நீள விரல்கள்தான் மடங்கிக் கட்டைவிரலுக்கு இடம்கொடுக்க வேண்டும்.

பி மேஜரில் வலது கையின் விரல் எண்ணும் சி மேஜரில் இருப்பதேதான்: பி 1, சி ஷார்ப் 2, டி ஷார்ப் 3, இ 1, எஃப் ஷார்ப் 2, ஜி ஷார்ப் 3, ஏ ஷார்ப் 4, பி 5. எண் ஒன்று, உணர்வு வேறு. நடுவிரல் டி ஷார்ப்பில் நிற்கும்போது உள்ளங்கை சற்று உயர்ந்து, கீகளின் உட்பக்கம் நகர்ந்திருக்கிறது. அதன் கீழே கட்டைவிரலுக்குத் தாராளமான வழி. பக்கத்திலேயே இருக்கும் இ-க்கு அது மடங்காமல் போய்ச் சேர்கிறது. முழங்கை எகிறவில்லை. நோட்டேஷனைப் பார்க்காமல், ஐந்து கருப்பு கீயும், அவற்றோடு பி-யும் இ-யும் என்று கண்ணால் நினைவில் வைத்தே வாசித்தேன். இந்தக் கட்டத்தில் ஐந்து ஷார்ப்பைப் படிக்க முயல்வது தேவையில்லாத சுமை.

இரண்டு கையும் சேரும்போது வித்தியாசம் இன்னும் தெளிவு. பி மேஜரில் இடது கை 4-3-2-1-4-3-2-1. அதனால் இரண்டு கட்டைவிரலும் இ-யில் ஒன்றாக இறங்குகின்றன, மேலே உள்ள பி-யிலும் ஒன்றாக இறங்கலாம். அதற்கு வலது கை அடுத்த ஆக்டேவுக்குத் தொடர்வதுபோல அங்கே 5-க்குப் பதில் 1 வைக்க வேண்டும். சி மேஜரில் இடது கை 5-4-3-2-1-3-2-1. வலது கட்டைவிரல் எஃப்-இல் வரும்; இடது கட்டைவிரல் அடுத்த ஸ்வரமான ஜி-யில் வரும். இரண்டு கையும் வெவ்வேறு நேரத்தில் நிலை மாற்றுகின்றன. படிக்க எளிது என்பதால் சி மேஜரை முதலில் கொடுக்கிறார்கள். கைக்கு அது எளிதானது அல்ல என்பது என் அழுத்தமான கருத்து.

பி மேஜரில் கைக்கு வந்ததை சி மேஜருக்குக் கொண்டுவரும்போது ஒரு சிறு மாற்றம் வேண்டியிருந்தது: கையை வெள்ளை கீகளின் விளிம்பிலேயே வைக்காமல், நடுவிரல் நுனி கருப்பு கீகளுக்கு மிக அருகில் வரும்படி உள்ளே தள்ளி வைப்பது. அப்போது கட்டைவிரல் கீயின் ஓரத்தைத் தேடித் தவிப்பதில்லை.

மெட்டுகளிலும் இதே விஷயம் வருகிறது. சி-டி-இ-எஃப்-ஜி-ஏ-ஜி-எஃப்-இ-டி-சி என்று ஏறி இறங்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பழக்கத்தில் 1-2-3-4-5 என்று போய், ஏ-க்காகச் சுண்டுவிரலை நீட்டத் தோன்றும். நீட்டினால் கை விரிந்தபடியே விறைத்துக்கொள்கிறது, அடுத்த ஸ்வரம் தடுமாறுகிறது. உச்சமான ஏ-யிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வழி கிடைக்கிறது: ஏ-க்கு 3, ஜி-க்கு 2, எஃப்-க்கு 1. ஆக ஏறும்போது 1-2-3-1-2-3, இறங்கும்போது 2-1-3-2-1. தாளில் எல்லா ஸ்வரத்துக்கும் எண் எழுதுவதில்லை. ஏறும்போது எஃப்-க்கு மேல் ஒரு 1, இறங்கும்போது இ-க்கு மேல் ஒரு 3. நிலை மாறும் இடம் மட்டும் போதும். எழுதிய பிறகு அதையே ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும். நாளுக்கொரு விரல் என்று மாற்றினால் கை எதையும் மனப்பாடம் செய்யாது.

இப்போதைய நிலவரம்: சி மேஜர் வலது கையில், மெட்ரோனோம் 60-இல் ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம், இரண்டு ஆக்டேவ், எஃப் துருத்தாமல் வருகிறது. 72-க்கு ஏற்றினால் முழங்கை மறுபடி எகிறப் பார்க்கிறது. உடனே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் ஸ்கேல் வாசிப்பதில்லை. பாட்டில் மூடி திறக்கும்போது வலி இல்லை. இடது கை பின்தங்கியிருக்கிறது. அதற்கு ஏறும்போது நடுவிரல் மேலே தாண்டுவதால் எளிது. மேலிருந்து இறங்கும்போதுதான் ஏ-யில் 3-க்குப் பிறகு கட்டைவிரல் அடியில் நுழைந்து ஜி-யைப் பிடிக்க வேண்டும். அங்கே அதே பழைய துள்ளல் இருக்கிறது. இடது கைக்கும் கொத்துப் பயிற்சி, அப்புறம் பி மேஜர் என்று அதே வரிசையில் இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன்.