லீஜியன் ஏன் ஜெயித்தது? 15 மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு போர் போதும்

அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது பண்டைய உலகத் தாளில் எனக்கு வந்த கேள்வி இது: ‘பழங்குடிப் படைகளை ரோமானிய லீஜியன்கள் வென்றதற்கான காரணங்களை ஆராய்க.’ லீஜியன் என்றால் ரோமானியக் காலாட்படையின் பெரிய பிரிவு. பயிற்சி, கட்டுப்பாடு, பொறியியல், நெகிழ்வான அணி என்று நான்கு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு இழுத்து, மூன்று பக்கம் எழுதினேன். 15க்கு 6 வந்தது. விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு போய் தெரிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதுல கட்டுப்பாடுங்கிற வார்த்தை பதினோரு தடவை வருது. அந்தக் கட்டுப்பாடு எந்த இடத்துல, யாரை, என்ன செய்ய வெச்சுதுன்னு ஒரு வரி இருக்கா?”

இல்லை. அப்புறம்தான் வழியை மாற்றினேன். நான்கு தலைப்புக்கு நான்கு போர் தேடாமல், நான்கும் வெளிப்படும் ஒரே போரை எடுத்து, அதை நேரில் பார்த்தவன்போலச் சொல்லும் அளவுக்குப் படித்தேன். நான் எடுத்தது கி.மு. 57இல், இன்றைய பெல்ஜியம் பக்கம் வாழ்ந்த நெர்வி என்ற பழங்குடி மக்களுக்கும் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசருக்கும் நடந்த போர். பாடநூல்களில் சாம்பர் ஆற்றுப் போர் என்று இருக்கும். தானே எழுதிய போர்க்குறிப்பில் சீசர் ஆற்றின் பெயரை சாபிஸ் என்கிறார். அது செல் என்ற ஆறுதான் என்று இன்று பலர் சொல்கிறார்கள். எந்த ஆறானாலும் விடை மாறாது.

முதலில் இடத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் ஆற்றை நோக்கிச் சரியும் ஒரு குன்று. நடுவில் சுமார் 3 அடி ஆழமே உள்ள ஆறு. அந்தக் கரையில் இன்னொரு குன்று, அதன் மேற்பகுதி முழுக்கக் காடு. அந்தக் காட்டுக்குள் நெர்வி, அட்ரபேட், விரோமாண்டுயி என மூன்று குடிகளின் வீரர்கள் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். இந்தக் கரையில் ரோமானியர்கள் முகாம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நெர்விகள் மூடர்கள் இல்லை என்பதை விடையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ரோமானியப் படை நடந்து வரும்போது ஒவ்வொரு லீஜியனுக்குப் பின்னாலும் அதன் மூட்டை முடிச்சு வரும், ஆகவே முதல் லீஜியன் வந்து சேர்ந்ததும் அடித்தால் மற்றவை உதவிக்கு வர முடியாது என்று அவர்களுக்குத் தகவல் கிடைத்திருந்தது. திட்டம் சரியானதுதான். ஆனால் எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்றதும் சீசர் நடை வரிசையை மாற்றிவிட்டார். பழுத்த அனுபவமுள்ள ஆறு லீஜியன்கள் முன்னால், மொத்தச் சுமைகளும் நடுவில், புதிதாகத் திரட்டிய இரண்டு லீஜியன்கள் கடைசியில். சுமை வண்டிகள் கண்ணில் பட்டதும் நெர்விகள் காட்டைவிட்டுப் பாய்ந்தபோது, எதிரே இருந்தது ஒன்றல்ல, ஆறு லீஜியன்கள்.

இருந்தும் அந்த ஆறு லீஜியன்களும் போருக்கு நிற்கவில்லை, மண் வெட்டிக்கொண்டிருந்தன. பொறியியல் என்ற தலைப்பை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். எல்லோரும் கி.மு. 55இல் சீசர் பத்தே நாளில் ரைன் ஆற்றின் குறுக்கே போட்ட பாலத்தை எழுதுவார்கள். எழுதலாம், தவறில்லை. ஆனால் எதிரி நாட்டில் ஒவ்வொரு நாள் நடையும் முடிந்ததும் அகழி வெட்டி, மண்ணைக் கரையாகக் கட்டி, முளை நட்டு முகாம் போடும் பழக்கம்தான் அதைவிடப் பெரிய பொறியியல். இரவில் நிம்மதியாகத் தூங்கவும், தோற்றால் ஓடி ஒளியவும் ஓர் இடம் எப்போதும் உண்டு. அதே பழக்கம் ஆபத்தாகவும் முடியும்: மண்கரைக்கு வேண்டிய பொருள் தேடிச் சிலர் தூரமாகப் போயிருந்த, மற்றவர்கள் குழிக்குள் நின்ற நேரத்தில்தான் தாக்குதல் வந்தது. இரண்டு பக்கத்தையும் எழுதினால், படித்து எழுதியிருக்கிறான் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

ஆற்றைக் கடந்து குன்றில் ஏறி நெர்விகள் வந்த வேகம் அப்படி. கொடியை ஏற்ற வேண்டும், கொம்பு ஊத வேண்டும், வேலையில் இருப்பவர்களைக் கூப்பிட வேண்டும், அணி வகுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது என்று சீசரே சொல்கிறார். தலைக்கவசம் மாட்டவும் கேடயத்தின் மேலுறையைக் கழற்றவும்கூட நேரம் இல்லை. இங்கேதான் பயிற்சி என்பது என்ன என்று தெரிகிறது. வேலையை விட்டு ஓடிவந்த ஒவ்வொருவனும் தன் சொந்தப் பிரிவின் கொடியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கண்ணில் முதலில் எந்தக் கொடி பட்டதோ அதன் கீழ் போய் நின்றான். பக்கத்தில் நிற்பவன் யாரென்று தெரியாவிட்டாலும் அவன் என்ன செய்வான் என்று தெரியும், ஏனென்றால் இருவரும் கற்றது ஒரே பாடம். ஆணைக்குக் காத்திராமல் என்ன செய்வதென்று அவர்களே தீர்மானிக்கும் அளவுக்கு முந்தைய போர்களில் பழகியிருந்தார்கள் என்கிறார் சீசர். முகாம் முடியும்வரை தளபதிகள் தத்தம் லீஜியனை விட்டு நகரக் கூடாது என்று முன்பே உத்தரவு இருந்ததால், ஒவ்வொரு லீஜியனிடமும் முடிவெடுக்க ஒருவர் இருந்தார்.

இந்தக் கொடிக் காட்சியை மட்டும் ஐந்து வரியில் எழுதுங்கள். ‘ரோமானியர் கடும் பயிற்சி பெற்றவர்கள்’ என்று அரைப் பக்கம் எழுதுவதைவிட அது கனமானது. இன்னொன்று: பயிற்சி என்றதும் இரட்டிப்பு எடையுள்ள மர வாளால் கம்பத்தை வெட்டிப் பழகும் கதையை எழுதக் கை துடிக்கும். அதை விரிவாகச் சொல்பவர் வெஜிஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர். அவர் சீசருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். காலத்தைக் குறிப்பிடாமல் சேர்த்து எழுதினால் மதிப்பெண் போகும். எனக்குப் போனது.

சரி, போருக்கு வருவோம். இடப்பக்கம் 9, 10ஆம் லீஜியன்கள். ஓடிவந்த களைப்பில் மூச்சு வாங்கிய அட்ரபேட்களை எறியீட்டியால் அடித்து ஆற்றுக்கு அப்பால் துரத்திவிட்டார்கள். நடுவில் 8, 11ஆம் லீஜியன்கள் விரோமாண்டுயிகளை ஆற்றங்கரைவரை தள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் பாதி கட்டிய முகாமுக்கு முன்னால் பெரிய ஓட்டை விழுந்தது. போடுவோக்னாட்டஸ் தலைமையில் நெர்விகள் மொத்தமாக அந்த ஓட்டையில் புகுந்தார்கள். ஒரு பகுதி முகாமைப் பிடித்தது, மறு பகுதி வலப்பக்கம் நின்ற 7, 12ஆம் லீஜியன்களைச் சுற்றி வளைத்தது. ரோமானியருக்குத் துணையாக வந்த திரெவெரி குடியின் குதிரைப்படை, எல்லாம் முடிந்தது என்று ஊருக்கே திரும்பி அங்கே அப்படியே சொல்லியும்விட்டது.

12ஆம் லீஜியனிடம் சீசர் வந்தபோது அதன் நான்காம் கோஹார்ட்டில் செஞ்சூரியன்கள் அத்தனை பேரும் செத்துக் கிடந்தார்கள், கொடியும் போயிருந்தது. கோஹார்ட் என்றால் லீஜியனில் பத்தில் ஒரு பங்கு. கணக்குப்படி 480 பேர், ஆறு செஞ்சுரிகள். ஒவ்வொரு செஞ்சுரிக்கும் தலைவன்தான் செஞ்சூரியன். பயத்தில் கொடிகள் எல்லாம் ஓரிடத்தில் குவிந்து, வீரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள். வாளை வீச இடமில்லை. ‘நெருக்கமான அணிதான் ரோமானிய பலம்’ என்று எழுதுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். லீஜியன் வீரன் சண்டை போட முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் குறைந்தது 3 அடி வெளி வேண்டும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் முன்பே எழுதியிருக்கிறார். திருவிழாக் கூட்டம்போல் நெருங்கிவிட்டால் அவன் கையில் இருக்கும் குட்டை வாள் வெறும் சுமை.

சீசர் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்னுக்குப் போனார், செஞ்சூரியன்களைப் பெயர் சொல்லி அழைத்தார். ஆனால் என் பார்வையில் அதைவிட முக்கியம் அவர் கொடுத்த ஆணை: முன்னேறுங்கள், வரிசையை அகலப்படுத்துங்கள். அடுத்து, 7ஆம் லீஜியன் கொஞ்சம் கொஞ்சமாக 12ஆம் லீஜியனோடு சேர்ந்து, இரண்டும் முதுகைக் காத்து எதிரெதிர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்றார். அடிபட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், குன்றின் சரிவில், ஆயிரக்கணக்கானவர்கள் இதைச் செய்தார்கள். நெகிழ்வான அணி என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் இதுதான். சிலர் உடனே கேடயங்களை ஓடுபோல அடுக்கும் ஆமை அணியை வரைவார்கள். அது பெரும்பாலும் மதிலை நெருங்கும்போது உதவுவது, இந்தக் கேள்விக்கு அது துணை நிற்காது.

கட்டுப்பாடு அக்கரையில் தெரிகிறது. இடப்பக்கம் ஜெயித்த சீசரின் தளபதி லாபியேனஸ் எதிரியின் முகாமையே பிடித்துவிட்டார். மேட்டிலிருந்து பார்த்தால் இக்கரையில் தன் படை சாகிறது. 10ஆம் லீஜியனைத் திருப்பி அனுப்பினார். கைக்கு எட்டிய கொள்ளையை விட்டுவிட்டு அவர்கள் மறுபடி ஆற்றைக் கடந்து ஓடிவந்தார்கள். பின்னால் வந்த இரண்டு புதிய லீஜியன்களும் குன்றின் உச்சியில் தெரிந்தன. போர் திரும்பியது. விழுந்த தோழர்களின் உடல்மேல் ஏறி நின்று, வந்த ஈட்டிகளையே பிடுங்கித் திருப்பி எறிந்து நெர்விகள் கடைசிவரை போராடினார்கள். வீரத்தில் ரோமானியர் ஒரு படி மேல் என்று மட்டும் எழுதாதீர்கள். சீசரே அப்படிச் சொல்லவில்லை.

அவர் சொல்லும் எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம். 60,000 பேரில் 500 பேர்கூட மிஞ்சவில்லை என்கிறார். மூன்றே ஆண்டில் அதே நெர்விகள் பெரும் படையோடு திரும்பி வருவதையும் அவரே எழுதுகிறார். எண் வரும் இடத்தில் ‘சீசர் கூற்றுப்படி’ என்று சேர்த்துவிடுங்கள்.

மறு தேர்வில் இடப்பக்க ஓரத்தில் இரண்டு குன்று, ஓர் ஆறு, லீஜியன்களுக்கு ஆறு கட்டம் வரைந்து, நடுவில் விழுந்த ஓட்டைக்கு அம்புக்குறி போட்டேன். 11 வந்தது. கேள்வியில் ‘ஆராய்க’ என்று இருந்ததால் எதிர் உதாரணமும் சேர்த்தேன். கி.மு. 54 குளிர்காலம், அதே வட்டாரம். எபுரோன்கள் என்ற இன்னொரு குடியின் தலைவர் அம்பியோரிக்ஸ் சொன்ன பொய்யை நம்பி, 15 கோஹார்ட்கள் பாதுகாப்பான முகாமை விட்டு வெளியே வந்தன. பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டபோது, வீரர்கள் கொடிகளை விட்டுவிட்டுத் தங்கள் விலையுயர்ந்த பொருளை எடுக்கச் சுமைகளை நோக்கி ஓடினார்கள். அம்பியோரிக்ஸின் ஆட்களோ கொள்ளைக்காக வரிசையை விட்டு அசையவில்லை. ரோமானியர் பாய்ந்தால் பின்வாங்கினார்கள், திரும்பினால் சுற்றிவளைத்தார்கள். பெரும்பாலான ரோமானியர்கள் அங்கேயே மடிந்தார்கள்.

சில நாளில் நெர்விகள் இன்னொரு முகாமை முற்றுகையிட்டார்கள். ரோமானியரைப் பார்த்தும் சிறைபிடித்தவர்களிடம் கேட்டும் கற்றபடி, முகாமைச் சுற்றித் தாங்களே கரை எழுப்பி அகழி வெட்டினார்கள். மண்வெட்டி இல்லாததால் புல்தரையை வாளால் அறுத்து, மண்ணைக் கையாலும் மேலாடையிலும் அள்ளிக்கொண்டு போனார்கள்.