அசோகரின் பாறைக் கல்வெட்டுகளும் பௌத்த ஆதரவும்: விடை எழுதுமுன் பிரித்துப் பார்க்க வேண்டியவை

"அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் அவர் பௌத்தத்துக்கு அளித்த ஆதரவைப் பற்றி என்ன கூறுகின்றன?" என்ற கேள்வி வந்தால், பெரும்பாலான விடைத்தாள்கள் 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில்தான் தொடங்கும். கலிங்கப் போர், ஒரு லட்சம் பேர் மரணம், மனவருத்தம், பௌத்தம் தழுவுதல் என்று வரிசை ஓடும். மதிப்பெண் குறைவதும் அங்கேதான். அந்தக் கல்வெட்டு போரையும் வருத்தத்தையும் சொல்கிறது. அதன்பின் தம்மத்தில் மன்னருக்கு ஏற்பட்ட தீவிர நாட்டத்தையும் சொல்கிறது. புத்தரின் பெயரோ, பௌத்தத் துறவியர் அமைப்பான சங்கமோ அதில் இல்லை. அங்கே வரும் தம்மம் பெற்றோருக்குக் கீழ்ப்படிதல், பணியாளரிடம் பரிவு, பிராமணருக்கும் சமணருக்கும் மரியாதை என எல்லாச் சமயத்தாரும் ஏற்கக்கூடிய ஒழுக்கம். ('சமண' என்ற சொல் இங்கே ஜைனரை மட்டும் குறிக்காது, எல்லாத் துறவியரையும் குறிக்கும். தமிழில் எழுதுவோர் இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள்.)

ஆகவே எடுத்தவுடன் கல்வெட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். மன்னர் குடிமக்களோடும் அதிகாரிகளோடும் பேசுபவை ஒரு பக்கம். பௌத்த உபாசகராக, அதாவது துறவு பூணாமல் பௌத்தத்தைப் பின்பற்றுபவராக, தன் சமயத்தைப் பற்றிப் பேசுபவை மறுபக்கம். 14 பெரும்பாறைக் கல்வெட்டுகளும் முதல் வகை. அவற்றில் பௌத்தத்தைத் தெளிவாகத் தொடுவது 8ஆவது மட்டுமே. முன்னைய மன்னர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் பயணம் போனார்கள், தான் முடிசூடிப் பத்தாண்டு ஆனபோது சம்போதிக்கு, அதாவது புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்குச் சென்றதாக அசோகர் அதில் கூறுகிறார். அந்தப் பயணத்திலும் பிராமணர், சமணர் இரு சாராருக்கும் கொடை, முதியோருக்குப் பொன் என்றுதான் வருகிறது.

இரண்டாம் வகையில் விடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியவை இரண்டு: சிறுபாறைக் கல்வெட்டும், பைராட் கல்வெட்டும்.

சிறுபாறைக் கல்வெட்டு ரூப்நாத், மாஸ்கி, பிரம்மகிரி, எர்ரகுடி எனப் பல இடங்களில் சிறு பாட வேறுபாடுகளோடு கிடைக்கிறது. அதில் அசோகர் தரும் கணக்கு நுட்பமானது. உபாசகனாகி இரண்டரை ஆண்டுக்கு மேலாகிறது. முதல் ஓராண்டு பெரிதாக முயலவில்லை. சங்கத்தை அணுகி ஓராண்டுக்கு மேலாகிறது, இப்போது தீவிரமாக முயல்கிறேன் என்கிறார். இதை மற்றக் கல்வெட்டுகளோடு பொருத்திப் பாருங்கள். கலிங்கப் போர் 8ஆம் ஆட்சியாண்டு. தம்ம எழுத்துகளைப் பொறிக்கத் தொடங்கியது 12ஆம் ஆண்டில் என்று 6ஆம் தூண் கல்வெட்டு சொல்கிறது. சிறுபாறைக் கல்வெட்டில் ஆட்சியாண்டு குறிப்பிடப்படவில்லை. ஆனால் அது தொடக்க காலத்தது என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 12இலிருந்து இரண்டரையைக் கழித்தால் 9, 10ஐ ஒட்டி வந்து நிற்கும். போர்க்களத்திலேயே மதம் மாறினார் என்ற சித்திரத்துக்கு இதில் இடமில்லை. போருக்குப் பின் உபாசகராகி, ஓராண்டு மந்தமாக இருந்து, பிறகு சங்கத்தோடு நெருங்கினார் என்பதே அவர் வாக்கிலிருந்து கிடைக்கும் வரிசை. ஆட்சியாண்டு இல்லாத கல்வெட்டிலிருந்து வரும் கணக்கு என்பதால் 'ஏறத்தாழ' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சங்கத்தை 'அணுகினேன்' என்ற சொல்லை வைத்து அவர் பிக்குவானார் என்று எழுதுவதும் ஆபத்து. அச்சொல்லின் பொருளில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பைராட் கல்வெட்டு ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கத்தில் கிடைத்த பாறைத்துண்டு. இப்போது கொல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் இருக்கிறது. பாப்ரு என்ற பெயரிலும் பாடநூல்களில் வரும், இரண்டும் ஒன்றே. இங்கே மன்னர் பேசுவது நேரே சங்கத்தோடு. தன்னை மகத மன்னன் பிரியதசி என்று சொல்லிக்கொண்டு, சங்கத்தை வணங்கி நலம் விசாரிக்கிறார். புத்தரிடமும் தம்மத்திடமும் சங்கத்திடமும் தனக்குள்ள பக்தியைச் சொல்கிறார். மும்மணிகள் மூன்றும் ஒரே வரியில் வருவதால் இங்கே 'தம்மம்' என்பது பொது ஒழுக்கம் அல்ல, புத்தரின் போதனை. 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டின் தம்மத்தோடு இதை ஒப்பிட்டு இரண்டு வரி எழுதினால், மேலே சொன்ன பிரிவினையைச் சான்றோடு நிறுவியதாகும். அடுத்து, புத்தர் சொன்னதெல்லாம் நன்கு சொல்லப்பட்டதே என்றுவிட்டு, ஏழு போதனைகளைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார். பிக்குகளும் பிக்குணிகளும் மட்டுமல்ல, உபாசகரும் உபாசிகைகளும் அவற்றை அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏழில் ஒன்று, பொய் பேசாமை பற்றிப் புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை. அது மஜ்ஜிம நிகாயம் என்னும் பாலி மொழிப் பௌத்த நூல்தொகுப்பில் இன்றும் உள்ளது. மற்றவற்றுள் சிலவற்றை எந்தப் பௌத்தச் சூத்திரத்தோடு பொருத்துவது என்பதில் விவாதம் உண்டு. ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சங்கம் எதைப் படிக்கலாம் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு மன்னர் உள்ளே வந்துவிட்டார், ஆனால் கட்டளையாக அல்ல, விருப்பமாகவே சொல்கிறார் என்ற இரண்டும் விடையில் இருந்தால் போதும்.

இனி பலர் கவனிக்காத ஓர் இடம். ஆதரவு என்றால் பொருட்கொடை என்று எடுத்துக்கொண்டு பாறையில் தேடினால், பௌத்த சங்கத்துக்கென்று இதைக் கொடுத்தேன் என்னும் வரி மேற்சொன்ன எதிலும் இல்லை. பாறையில் தெளிவாகப் பொறிக்கப்பட்ட கொடை பீகாரின் பராபர் குன்றில் இருக்கிறது. 12ஆம் ஆட்சியாண்டில் அங்கே குடையப்பட்ட இரு குகைகளைப் பெற்றவர்கள் பௌத்தர் அல்லர், ஆசீவகர்கள் என்னும் வேறொரு துறவியர் பிரிவினர். 12ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு எல்லாச் சமயப் பிரிவினரையும் போற்றுவதாகவும், தன் சமயத்தை உயர்த்திப் பிறர் சமயத்தைப் பழிக்கக் கூடாதென்றும் சொல்கிறது. பராபர் அந்தச் சொல்லுக்குச் செயல்வடிவம். பௌத்தத்தின் மீது தனிப்பட்ட பற்று, எல்லாப் பிரிவினருக்கும் அரச ஆதரவு என இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததைப் பைராட், பராபர் என்ற ஜோடி காட்டுகிறது.

பௌத்தத் தலங்களுக்கு நேரடியாகச் செய்தவை தூண்களில் உள்ளன. கேள்வியில் 'பாறை' என்று இருந்தால் 'தூண் கல்வெட்டு' என்று பெயரிட்டு, ஒரே பத்தியில் துணைச்சான்றாக வையுங்கள். நிகாலி சாகர் தூண், கௌதம புத்தருக்கு முந்தையவராகக் கருதப்படும் கோணாகமன புத்தரின் ஸ்தூபியை 14ஆம் ஆண்டில் இருமடங்காகப் பெரிதாக்கியதைச் சொல்கிறது. லும்பினித் தூண், 20ஆம் ஆண்டில் நேரில் வந்து வழிபட்டு, புத்தர் பிறந்த ஊர் என்பதால் அதற்கு பலி என்னும் வரியை நீக்கி, விளைச்சல் பங்கை எட்டில் ஒன்றாக்கியதைச் சொல்கிறது. முன்பு எவ்வளவு வாங்கினார்கள் என்று தூணில் இல்லை. ஆறில் ஒன்று என்ற வழக்கமான அளவு நூல்களிலிருந்து வருவது. அதைக் கல்வெட்டின் வாசகமாக எழுதிவிடாதீர்கள். சலுகை பெற்றவர்கள் ஊர்க்காரர்கள், பிக்குகள் அல்லர். சாரநாத், சாஞ்சித் தூண்களோ சங்கத்தைப் பிளப்பவர்களுக்கு வெள்ளையாடை உடுத்தி வெளியே குடியிருக்கச் செய்ய வேண்டும் என்கின்றன. பைராட்டில் விருப்பம் தெரிவித்தவர் இங்கே ஆணையிடுகிறார்.

கடைசியாக, தமிழ் வழித் தேர்வர்கள் 2ஆம் பெரும்பாறைக் கல்வெட்டை எடுத்துக்கொண்டு "அசோகர் தமிழகத்தில் பௌத்தம் பரப்பினார்" என்று எழுதுவது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்படும் இலங்கை ஆகிய பெயர்கள் அதில் உண்மையிலேயே உள்ளன. ஆனால் பேசப்படுவது மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், மூலிகைகள், கிணறுகள், மரங்கள். 13ஆவது இதே தென்னகத்தை 'தம்ம வெற்றி' கிடைத்த நாடுகளில் வைக்கிறது; அது அந்தப் பொது ஒழுக்கத் தம்மமே. மகிந்தர் இலங்கை சென்றதும் மூன்றாம் பௌத்த மாநாடும் தீபவம்சம், மகாவம்சம் வழி வரும் செய்திகள். அசோகரின் கல்வெட்டுகளில் இல்லை. அவற்றை எழுத விரும்பினால் 'இலங்கை நூல்மரபின்படி' என்று தொடங்கித் தனி வாக்கியமாக எழுதுங்கள்.