மக்காச்சோளத் தோட்டத்துக்குத் தழைச்சத்து வரவுசெலவு

போன புரட்டாசியில் உடுமலைப் பக்கம் எங்கள் ஒரு ஏக்கர் செம்மண் தோட்டத்தில் மக்காச்சோளம் விதைத்தபோது, போடும் யூரியா எங்கே போகிறது என்று கணக்கு எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரியிலேயே தப்பு செய்தேன். மண் பரிசோதனைத் தாளில் "கிடைக்கும் தழைச்சத்து" ஹெக்டேருக்கு 210 கிலோ என்றிருந்ததை அப்படியே வரவில் எழுதிவிட்டேன். அந்த எண் மண் எந்த அளவுக்கு வளமானது என்று காட்டும் குறியீடு மட்டும்தான். பயிர் அவ்வளவையும் எடுக்காது. மண்ணின் மட்கு சிதைந்து பயிருக்கு எவ்வளவு தருகிறது என்பதை வயலிடம்தான் கேட்க வேண்டும். அதனால் ஆறு வரிசைக்குத் தழைச்சத்தே போடாமல் விட்டேன். நாற்பதாம் நாளில் அங்கே அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கியிருந்தது.

அறுவடையில் அந்தப் பட்டையில் 10 சதுர மீட்டர் பயிரை வெட்டி, காயவைத்து, எடை போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஏக்கருக்கு 28 கிலோ தழைச்சத்து எடுத்திருந்தது. ஆனால் அதே பட்டைக்குக் கிணற்றுத் தண்ணீரும் பாய்ந்ததே! தண்ணீரில் லிட்டருக்கு 35 மில்லிகிராம் நைட்ரேட். அதை 4.43ஆல் வகுத்தால்தான் தழைச்சத்து வரும், அதாவது சுமார் 8. மொத்தம் 300 மி.மீ. பாய்ச்சியதில் ஏக்கருக்கு 10 கிலோ. அதைக் கழித்து மண்ணின் பங்கு 18 கிலோ என்று வைத்தேன். கழிக்காமல் விட்டிருந்தால் கிணற்று நீரை இரண்டு தரம் எண்ணியிருப்பேன்.

அடுத்தது கசிவு. இரண்டு அடி ஆழத்தில் பீங்கான் முனை வைத்த உறிஞ்சுகுழாய்களைப் பதித்திருந்தேன். மேலுரம் போட்டுப் பத்து நாளில் அடைமழை பிடித்தது. வேர்ப்பகுதியைத் தாண்டி இறங்கிய நீர் 60 மி.மீ. இருக்கும் என்று மழையளவையும் மண்ணின் ஈரத்தையும் வைத்துக் கணித்தேன். உறிஞ்சிய நீரில் தழைச்சத்து லிட்டருக்கு 40 மில்லிகிராம்.

```
60 × 40 ÷ 100 = 24 கிலோ/ஹெக்டேர்
```

ஏக்கருக்கு ஏறக்குறைய 10 கிலோ. இந்தக் கணக்கில் நீரின் அளவுதான் பலவீனமான இடம். அது 20 மி.மீ. பிசகினாலும் விடை மூன்று கிலோவுக்கு மேல் மாறிவிடும்.

இனி பயிர் கொண்டுபோனது. 28 குவிண்டால் மணியில் 36 கிலோ. தட்டையை மாட்டுக்கு எடுத்துவிட்டதால் அதில் 20 கிலோ. தட்டையை மடக்கி உழுதிருந்தால் இந்த 20 செலவே ஆகாது.

வரவில் நான்கு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டிஏபியும் சேர்த்து 92, கிணறு 10, மண் 18, ஆக 120. செலவு 66. அறுவடைக்குப் பின் இரண்டடி மண்ணில் நைட்ரேட்டாக 22 கிலோ மிச்சம் இருந்தது. மீதி 32 கிலோவுக்குக் கணக்கு இல்லை. வேரில் கொஞ்சம், அளவுப் பிழையில் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் ஈர மண்மேல் தூவி மூடாமல் விட்ட யூரியா அமோனியாவாகப் பறந்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன். இந்தப் பட்டத்தில் ஒரு மூட்டை குறைத்து, தூவியதும் மண் அணைத்திருக்கிறேன். உரமில்லாப் பட்டையை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறேன்.