கூற்று–முடிவு கணக்கில் இரண்டாவது படம்

ரீசனிங் தாளில் கூற்று–முடிவு கணக்குகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கூற்று புரியாததால் அல்ல. ஒரே ஒரு வட்டப் படத்தைப் போட்டுவிட்டு, எல்லா முடிவுகளையும் அதை வைத்தே தீர்ப்பதால்தான். படம் எப்போதும் கூற்று சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிடும். அந்த அதிகப்படியை நம்பிவிட்டால் ‘கட்டாயம்’ எது, ‘இருக்கலாம்’ எது என்பது குழம்பிப்போகும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பேனாக்களும் புத்தகங்கள். சில புத்தகங்கள் மேசைகள். எந்த மேசையும் நாற்காலி அல்ல.

புத்தகத்துக்குப் பெரிய வட்டம், அதற்குள் பேனாவுக்குச் சின்ன வட்டம். மேசை வட்டம் புத்தக வட்டத்தை ஓரத்தில் வெட்ட வேண்டும். கை தானாகவே மேசையைப் பேனாவைத் தொடாமல் வரையும், ஏனென்றால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். நாற்காலியையும் எங்கோ தள்ளிப் போட்டுவிடுவோம். இப்போது படத்தைப் பார்த்தால் ‘எந்தப் பேனாவும் மேசை அல்ல’ என்றே தோன்றும். கூற்றில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. பேனாவும் மேசையும் தொடவில்லை என்பது நம் கை செய்த வேலை.

அதனால் கூற்று உறுதியாகச் சொன்னதை மட்டும் படத்தில் குறித்துக்கொள்வது நல்லது. புத்தகமும் மேசையும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி: அங்கே ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கிறது. மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு கோடு: இவை சேரவே கூடாது. பேனா புத்தகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. இந்த மூன்றையும் தவிர மீதி எதையும் நகர்த்தலாம்.

இனி முடிவுகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வாக்கியத்தின் வால். ‘ஆகும்’, ‘அல்ல’ என்று முடிந்தால் அது உறுதி முடிவு. ‘வாய்ப்புண்டு’, ‘இருக்கலாம்’ என்று முடிந்தால் சாத்திய முடிவு. ‘ஒருபோதும் ஆக முடியாது’ என்பதும் உறுதி முடிவுதான். ‘முடியாது’ என்ற சொல்லைப் பார்த்துச் சாத்தியக் கணக்கு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் தேடும் படம் நேர் எதிர். உறுதி முடிவென்றால் அதை உடைக்கிற படம் ஒன்று கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று கிடைத்தாலே முடிவு போச்சு. சாத்திய முடிவென்றால் அதற்கு இடம்கொடுக்கிற படம் ஒன்று கிடைத்தால் போதும்.

‘சில பேனாக்கள் மேசைகள்’ உறுதி முடிவு. நாம் முதலில் போட்ட படமே அதை உடைக்கிறது, தள்ளிவிடலாம். ‘எல்லாப் பேனாக்களும் மேசைகளாக இருக்க வாய்ப்புண்டு’ சாத்திய முடிவு. பேனா வட்டத்தை நகர்த்தி, புத்தகமும் மேசையும் வெட்டும் இடத்துக்குள் முழுசாக வைத்துப் பாருங்கள். மூன்று கூற்றில் எதுவும் மீறப்படவில்லை. ஆகவே இது சரி. முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் இதைத் தவறு என்று போட்டிருப்பார்.

‘சில புத்தகங்கள் நாற்காலிகள் அல்ல’ என்பதை உடைக்க முயன்றால், எல்லாப் புத்தகங்களையும் நாற்காலிக்குள் தள்ள வேண்டும். அந்தப் புள்ளி வழிமறிக்கும். அது புத்தகமாகவும் மேசையாகவும் இருக்கிறது. மேசை நாற்காலியாக முடியாது. உடைக்க வழியில்லை, எனவே இது உறுதி. இதே புள்ளிதான் ‘எல்லாப் புத்தகங்களும் நாற்காலிகளாக இருக்க வாய்ப்புண்டு’ என்பதையும் தோற்கடிக்கிறது. ஒரு சாத்திய முடிவைத் தள்ளும்போது எந்தக் கூற்றோடு மோதுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் இன்னும் ஒரு படம் போட்டுப் பார்க்காமல் தள்ளக் கூடாது.

இதைத் திருப்பிப் போட்டால் கதை மாறும். ‘சில நாற்காலிகள் புத்தகங்கள் அல்ல’ உறுதியாக வராது, ஏனென்றால் நாற்காலிகள் எல்லாமே மேசையைத் தொடாமல் புத்தகத்தின் மீதி இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ‘சில... அல்ல’ வாக்கியத்தைத் திருப்பக் கூடாது என்று மனப்பாடம் செய்வதைவிட, நாற்காலியை ஒருமுறை உள்ளே நகர்த்திப் பார்த்துவிட்டால் விதி தானே நினைவில் நிற்கும்.

‘எல்லாப் பேனாக்களும் நாற்காலிகளாக இருக்க வாய்ப்புண்டு’ என்றும் ஒரு முடிவு கொடுத்தால்? அதுவும் சரிதான். பேனாவையும் நாற்காலியையும் சேர்த்துப் புத்தகத்தின் மேசையில்லாத பகுதியில் வைத்துவிடலாம். இங்கேதான் ஒரு தயக்கம் வரும்: பேனாவெல்லாம் மேசையாகவும் நாற்காலியாகவும் எப்படி இருக்கும்? ஒரே நேரத்தில் இருக்காது. ஆனால் ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகத்தான் சோதிக்கப்படுகிறது. ஒன்றுக்கு ஒரு படம், மற்றதற்கு வேறு படம்.

இரண்டாவது கூற்றில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவோம்: ‘சில புத்தகங்கள் மட்டுமே மேசைகள்’. இந்த ‘மட்டுமே’ இரண்டு செய்தி சொல்கிறது. சில புத்தகங்கள் மேசைகள். சில புத்தகங்கள் மேசைகள் அல்ல. ஆகவே மேசைக்கு வெளியே, புத்தகத்துக்குள் இன்னொரு புள்ளி வைக்க வேண்டும். ‘எல்லாப் புத்தகங்களும் மேசைகளாக இருக்க வாய்ப்புண்டு’ என்பது முன்பு சரியாக இருந்தது, இப்போது போய்விட்டது. ஆனால் ‘எல்லாப் பேனாக்களும் மேசைகளாக இருக்க வாய்ப்புண்டு’ என்பது அப்படியே நிற்கிறது. புதுப் புள்ளி புத்தகமாக இருந்தால் போதும், பேனாவாக இருக்க வேண்டியதில்லை. ‘மட்டுமே’யைப் பார்த்த பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து அடித்துவிடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு. ‘எல்லா மேசைகளும் புத்தகங்களாக இருக்க வாய்ப்புண்டு’ என்பதற்கும் பாதிப்பில்லை. கட்டுப்பாடு புத்தகத்தின் மேல்தான், மேசையின் மேல் அல்ல.

‘இரண்டில் ஒன்று’ என்ற விடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘சில பேனாக்கள் மேசைகள்’, ‘எந்தப் பேனாவும் மேசை அல்ல’ இரண்டுமே உறுதி முடிவுகள், இரண்டையுமே தனித்தனியாக உடைத்துவிடலாம். ஆனால் இரண்டையும் ஒரே படத்தில் உடைக்க முடியாது. ஒரு பேனாவாவது மேசையாக இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. மூன்றாவது வழி இல்லை. அதனால் இரண்டில் ஒன்று கட்டாயம் வரும். ‘எல்லாப் பேனாக்களும் மேசைகள்’, ‘எந்தப் பேனாவும் மேசை அல்ல’ என்று கொடுத்தால் மட்டும் ஏமாறக் கூடாது. பார்க்க ஜோடி போலவே இருக்கும். பாதிப் பேனா மேசைக்குள், பாதி வெளியே என்று ஒரு படம் போட்டால் இரண்டுமே ஒன்றாக விழும்.

ஒரு இடத்தில் மட்டும் தர்க்கமும் தேர்வும் ஒத்துப்போவதில்லை. ‘சில புத்தகங்கள் நாற்காலிகள் அல்லாமல் இருக்க வாய்ப்புண்டு’ என்று கேட்டால், கட்டாயம் நடப்பது நடக்கவும் கூடியதுதானே என்பது தர்க்கத்தின் பதில். வங்கித் தேர்வுப் பயிற்சியில் பரவலாகச் சொல்லிக்கொடுப்பதோ, ஏற்கெனவே உறுதியான ஒன்றை ‘வாய்ப்புண்டு’ என்று சொன்னால் அது பின்தொடராது என்பது. எனக்கு இந்த வழக்கம் பிடித்தமில்லை. ஆனால் எழுதப்போகும் தேர்வின் பழைய வினாத்தாள் விடைகளில் இப்படி ஒரு கேள்வியைத் தேடி, அங்கே எந்தப் பக்கம் விடை கொடுத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவைத்தால் தேர்வறையில் யோசிக்க வேண்டியிருக்காது.