பக்கவாட்டில் பார்த்தபோது தட்டையாகிப்போன கண்

வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையிலிருந்து, ஒரு குறும்படத்துக்காக மூதாட்டி ஒருவரின் முகத்தை யூனிட்டி என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருந்தேன். நேரே பார்க்கையில் உயிரோடிருந்த கண், முகம் பக்கம் திரும்பியதும் உருண்டையில் ஒட்டிய படமாகிவிட்டது. தங்கையை ஜன்னலருகே அமர்த்திப் பக்கவாட்டில் பார்த்தேன். "அண்ணா, கண் சிமிட்டலாமா?" என்று அவள் கேட்கும்வரை பார்த்தேன். வெள்ளைக்கு முன்னால், ஒளிபுகும் முன்படலமான கோர்னியா கண்ணாடிக் குமிழ்போலப் புடைத்திருந்தது. அதனுள்ளே கண்ணின் நிறமுள்ள வட்டான ஐரிஸ் மெல்லிய நீள்வட்டமாகத் தெரிந்தது. தட்டையான வட்டை விளிம்பின் திசையிலிருந்து பார்த்தால் வெறும் கோடுதான் தெரிய வேண்டும். அதை நீள்வட்டமாகக் காட்டுவது ஒளி முறிவு.

ஆகவே கண்ணின் வடிவ வலையான மெஷ்ஷை மில்லிமீட்டர் அளவில் மீண்டும் அமைத்தேன். விழிக்கோளத்தின் ஆரை 12, ஐரிஸின் விட்டம் 12, கோர்னியாவின் வளைவு ஆரை 7.8. இவற்றின்படி ஐரிஸின் தளம் மையத்திலிருந்து 10.4 மில்லிமீட்டர் முன்னே அமைகிறது. கோர்னியாவின் உச்சி அதற்கும் 2.8 மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது.

முதல் முயற்சியில் எல்லாப் புள்ளிகளுக்கும் 2.8 என்ற ஒரே ஆழத்தைக் கொடுத்ததால், ஐரிஸ் வெள்ளையைத் தொடும் விளிம்பில் படம் பிய்ந்து தெரிந்தது. கோர்னியா அங்கே ஐரிஸின் தளத்தோடு சேர்ந்துவிடுவதால் ஆழம் பூச்சியமாக வேண்டும். ஆழத்தை எண்ணாகத் தராமல், முறிந்த கதிர் தளத்தை எங்கே வெட்டுகிறதென்று கணக்கிட்டதும் அது தானாகச் சரியானது:

```
float3 r = refract(-V, N, 1.0 / 1.336);
float3 h = P + r * ((P.z - 10.4) / -r.z);
float2 uv = 0.5 + h.xy / 12.0;
```

1.336 என்பது கோர்னியாவுக்குப் பின்னுள்ள நீர்மத்தின் முறிவுச்சுட்டி. P கோர்னியாவின் மேலுள்ள புள்ளி, N அங்கே மேற்பரப்புக்குச் செங்குத்தான நார்மல், V அப்புள்ளியிலிருந்து கேமராவை நோக்குவது. Refract உள்ளே செல்லும் திசையை எதிர்பார்ப்பதால் அதற்கு மறைக்குறி வேண்டும். உச்சியில் 60 பாகைச் சாய்வில் நுழையும் கதிர் முறியாவிட்டால் தளத்தில் 4.8 மில்லிமீட்டர் நகரும், முறிந்தால் 2.4 மட்டுமே.

என்னை நெடுநேரம் அலைக்கழித்த பிழை வேறு. N, P இரண்டும் கண்ணின் சொந்த ஆயத்தொகுதியில் இருக்க, V மட்டும் உலக ஆயத்தொகுதியில் இருந்தது. கண் அசையாதவரை எதுவும் தெரியாது. பார்வை திரும்பியதும் ஐரிஸ் குமிழுக்குள் வழுக்கிச் செல்லும். ஐரிஸில் சதுரக் கட்டப் படத்தை இட்டு, பார்வைத் திசையின் நேர் எதிரே கேமராவை வைத்துக் கண்ணையும் கேமராவையும் சேர்த்துச் சுழற்றியபோதுதான் பிடிபட்டது. அந்நிலையில் நடுக்கட்டம் அசையவே கூடாது.

கடைசியாக ஒளி. பளபளப்புக்குக் கோர்னியாவின் நார்மலையே வைத்து, ஐரிஸுக்குத் தனி நார்மலை மையம் நோக்கிச் சற்றுச் சாய்த்தேன். இடப்புறம் விளக்கு இருந்தால் ஐரிஸின் வலப்பக்கம் ஒளிர்கிறது. தங்கையின் கண்ணிலும் ஜன்னலுக்கு எதிர்ப்புறமே அவ்வாறு ஒளிர்ந்தது. ஆனால் இமையின் நிழல் இந்தக் கணக்கில் முறிவதில்லை. கடும் பக்க ஒளியில் அது இன்னும் தவறான இடத்திலேயே விழுகிறது.